பெப்லம், கேப், போஞ்சோ, கிமோனோ கை: பழைய பட்டுச் சேலைக்கு நான் தேர்ந்தெடுத்தது

தீபாவளி திறந்த இல்ல விருந்துக்காக அம்மாவின் பழைய பட்டுச் சேலை ஒன்றை வெட்டி மேல்சட்டை தைக்கலாம் என்று முடிவான பிறகு, நாலு மாதிரிகளை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். கடைசியில் கிமோனோ கைதான். என்னைக் கேட்டால் சேலைத் துணிக்கு அதை அடிக்க வேறு எதுவும் இல்லை.

போஞ்சோவை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். ஒரு சதுரத் துணி, நடுவில் கழுத்து, அவ்வளவுதான். திருப்பிப் போட்டால் முன்னும் பின்னும் முனைகள் கூராக இறங்கும். குளிரூட்டிய மண்டபத்தில் நன்றாக இருக்கும், பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் நடக்க முடியாது.

கேப் உண்மையிலேயே அழகு. துணி முழுக்கத் தோளிலிருந்து தொங்குவதால், ஷிஃபான் மாதிரி மெல்லியதாக இருந்தால் நடக்கும்போது பின்னால் மிதந்து வரும். ஆனால் கைப்பை வாரைத் தோளில் போட்ட உடனே அந்த மிதப்பு போய்விடும், சாப்பாட்டு மேசையில் கையை நீட்டினால் முன்பக்கம் முழுக்க மேலே ஏறும். இரவல் வாங்கி ஒரு கல்யாணத்துக்குப் போட்ட அனுபவம்தான் எனக்கு, அதனால் தினசரி பயன்பாட்டுக்கு எப்படி என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இடுப்பிலிருந்து குட்டைப் பாவாடை மாதிரி விரியும் பெப்லம்தான் கடைசிவரை போட்டி போட்டது. அதில் எல்லாமே இடுப்புத் தையலைப் பொறுத்தது. தையல் இடுப்புக்கு ஓர் இஞ்சு கீழே இறங்கினாலும் விரிவு இடுப்பெலும்பின் மேல் தொடங்கி, துணி விழாமல் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். முழு வட்டமாக வெட்டினால் மடிப்பே இல்லாமல் அலையலையாக விழும். 30 இஞ்சு இடுப்புக்கு உள்வட்டத்தின் ஆரம் கிட்டத்தட்ட 4¾ இஞ்சு. ஆனால் சேலைக்கு இங்கேதான் சிக்கல். வட்டத்தின் ஓரம் வளைவு, சேலைக் கரையோ நேர். கரையைத் தனியே வெட்டி ஒட்டித் தைத்தால் சுருண்டு நிற்கும். கரையோடு நேர்த்துண்டை எடுத்துச் சுருக்கித் தைத்தால் கரை தப்பிக்கும், ஆனால் பட்டு விறைப்பானதால் இடுப்பில் பொம்மிக்கொண்டு நிற்கும்.

சரி, கிமோனோ கை. கையும் உடம்பும் ஒரே துண்டு, தோள் மூட்டில் தையல் கிடையாது, துணி கழுத்திலிருந்து முழங்கை வரை ஒரே ஓட்டமாக இறங்கும். சேலையின் அகலம் ஏறக்குறைய 45 இஞ்சு. அந்த அகலத்தை ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனி வரை போட்டு, நீளத்தைத் தோளில் மடித்து முன்னும் பின்னும் தொங்கவிட்டால், இரண்டு கரைகளும் தாமாகவே கை ஓரங்களில் வந்து உட்காரும்! கை முழங்கைக்குச் சற்றுக் கீழே நிற்கும். 26 இஞ்சு உயரச் சட்டைக்குச் சேலையில் ஒன்றரை மீட்டர்தான் போகும். இரண்டு விஷயத்தை மட்டும் வெட்டும் முன் பார்க்க வேண்டும்: இரு கரைகளும் ஒரே அகலமா, பூ வேலைப்பாடு ஒரே பக்கம் பார்த்திருக்கிறதா. தோளில் மடிப்பதால் முன்னால் நேராக இருக்கும் மயில் முதுகில் தலைகீழாக நிற்கும்.

இந்தச் சட்டை நன்றாக அமைவதும் கிழிவதும் அக்குளில்தான், அதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். கை அகலமாக இருந்தால் அக்குளில் துணி குவியும். குவியக் கூடாதென்று ஒடுக்கினால், எல்ஆர்டியில் கைப்பிடியைப் பிடிக்கக் கையைத் தூக்கியதும் சட்டையே மேலே ஏறும். போட்டுப் பார்க்கும்போது கையை முழுக்கத் தூக்குங்கள். கீழ் ஓரம் இரண்டு இஞ்சுக்கு மேல் ஏறினாலோ, கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகக் கோடுகள் இழுத்தாலோ, அந்த இடத்தில் துணி போதவில்லை. பழைய பட்டு அந்த இழுப்பைத் தாங்காது, வியர்வையும் சேர்ந்தால் தையலை ஒட்டி இழை விட்டுவிடும்.

இதற்கு வழி நம்மூரிலேயே இருக்கிறது. பாஜு கூரோங்கில் அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைப்பார்கள், கெகெக் என்பார்கள். அதையே நாலு இஞ்சுச் சதுரமாக, முனை மேலும் கீழும் வரும்படி வைக்கச் சொன்னேன். கையைத் தூக்கும்போது இழுப்பு சதுரத்தின் மூலைவாட்டில் போவதால் துணி கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், கையைத் தாழ்த்தினால் உள்ளே மடிந்து வெளியே தெரியாது. துண்டைப் பட்டில் வெட்டாமல் அதே நிறப் பருத்தியில் வெட்டினோம். வியர்வையில் நைந்தால் அதை மட்டும் பிரித்து மாற்றிக்கொள்ளலாம். துண்டை வைக்க அக்குளில் துணியைக் கீறும் முன், கீறல் முடியும் முனையில் உள்பக்கம் சின்னதாக ஒட்டுத் துணி வைத்து இஸ்திரி போட வேண்டும், இல்லாவிட்டால் பட்டு அங்கிருந்தே பிரியத் தொடங்கும்.

தைத்துக் கொடுத்த அக்கா பாஜு கூரோங் தைத்துப் பழகியவர் என்பதால் இதை விளக்க வேண்டிய தேவையே வரவில்லை. பிளவுஸ் மட்டும் தைப்பவரிடம் கொடுப்பதானால், முதலில் மலிவான பருத்தியில் ஒன்று வெட்டித் தைத்து, கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் சேலையில் கத்தரியை வையுங்கள்.