இடம் மாறிய வலைக்கடை, மாறாத 18,000 ரூபாய்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வலை வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். கடை பெயரைப் போடவில்லை. மெயின் ரோட்டில் வலை, கயிறு, மிதவை விற்கிற பழைய கடை என்றாலே பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகுக்காரர்களுக்கு நண்டில் நாலு காசு பார்க்க அதுதான் நேரம். தடை தொடங்கும் முன்பே தங்கூசி நண்டு வலை ஆர்டர் கொடுத்தேன். வெறும் பண்டல் இல்லை. மேல் கயிற்றில் மிதவை, கீழ் கயிற்றில் ஈயம் எல்லாம் கோத்து, கடலில் அப்படியே இறக்குகிற மாதிரி தருவதாகப் பேச்சு. முன்பணம் 18,000.

கடைக்காரர் மாதிரி வலையின் ஒரு கண்ணை இரண்டு விரலில் மாட்டி என் முன்னாலேயே இழுத்துக் காட்டினார். முடிச்சு நகரவில்லை. "உங்க அப்பா காலத்துலேர்ந்து நம்ம கடைதானே தம்பி, பில்லு எதுக்கு, சரக்கு எடுக்கும்போது மொத்தமாப் போட்டுக்கலாம்" என்றார். பையனை அனுப்பி டீ வாங்கிக் கொடுத்தார். 10,000 ஜிபேயில், 8,000 கையில். ஒரு துண்டுச் சீட்டில் '18,000 வரவு' என்று எழுதித் தந்தார். கடை முத்திரையும் இல்லை, சரக்கு தரும் தேதியும் இல்லை.

சொன்ன வாரத்தில் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பசை ஈரம் காயாத ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் இருந்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் வித்தை முழுக்க அதில்தான் இருக்கிறது. 30-ம் தேதியோடு இந்த இடத்தில் வியாபாரம் நிறுத்தம். அடுத்த மாதம் 10 முதல் "பேருந்து நிலையம் அருகில்" புதிய கடை. நிலுவை ஆர்டர்கள் அங்கே வழங்கப்படும். பணம் திரும்ப வேண்டுவோர் 25-ம் தேதிக்குள் அசல் பில்லுடன் வரவும், ரத்துக்கு 10 சதவீதம் பிடித்தம்.

நான் அதைப் படித்த அன்று தேதி 27! 25-க்குள் வரச் சொல்லி 27-ல் ஒட்டுகிறவரை என்ன சொல்வது? பில் போடாமல் அனுப்பியது அவர், இப்போது அசல் பில் கேட்பதும் அவரே. பேருந்து நிலையம் அருகில் என்றால் எந்தத் தெரு, என்ன கதவு எண்?

10-ம் தேதி தாண்டியும் அங்கே புதுக் கடை எதுவும் இல்லை. போன் போட்டால் "ஓனர் வெளியூர்ல இருக்காருண்ணே." அடுத்த முறை, "லாரி வந்துக்கிட்டே இருக்கு." ஓனர் ஒருவழியாகக் கிடைத்தபோது ஜிபே பணம் கடைக் கணக்குக்கு வரவே இல்லை என்றார். உண்மைதான், அவர் கொடுத்த எண் அவர் மச்சான் எண்! கடைசியில் பெரிய மனசு பண்ணி, ரொக்கம் கிடையாது, வேண்டுமானால் 16,200-க்குக் கயிறும் மிதவையும் எடுத்துக்கொள் என்றார். ரத்து செய்தது நானா? சொன்ன நாளில் சரக்கு தராதது அவர். அப்புறம் எதற்கு என் 18,000-ல் 1,800 பிடித்தம்? நண்டு சீசனும் போச்சு.

எதில் ஏமாறக் கூடாது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. கடை மாறுகிறது என்று காதில் விழுந்தால், பழைய ஷட்டர் மூடும் முன்பே போய், முன்பணம் எவ்வளவு, என்ன சரக்கு, எந்தத் தேதி, புதுக் கடையின் முழு முகவரி என்று எழுதி முத்திரை வாங்குங்கள். ஒட்டிய தாளை அன்றைக்கே போட்டோ எடுங்கள், மறுநாள் கிழித்துவிடுவார்கள். "ஆர்டரை ரத்து செய்கிறேன்" என்று வாயாலும் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பிலும் எழுதாதீர்கள். "நீங்கள் சரக்கு தரவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்றே எழுதுங்கள். பிடித்தம் போட அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் சட்டத்தில் முறையற்ற வணிகம். தொழிலுக்கு வாங்கிய பொருளாச்சே என்று மிரட்டுவார்கள். சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கியதென்றால் நாமும் நுகர்வோர்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகாரைப் பதியுங்கள். அதிலும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் 18,000-ஐயும் திருப்பித் தரச் சொல்லி, ஒப்புகை அட்டையோடு அவர் வீட்டு முகவரிக்கே கடிதம் போட்டுவிட்டேன். துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, அந்தத் தாளின் போட்டோ மூன்றையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். அதே கடையில் முன்பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் தேதியோடு சொல்லுங்கள், சேர்ந்தே போடலாம்.