பையையும் சேர்த்து மூடும் ரெயின்கோட்டா, போன்சோவா?

தாம்பரம் பக்கத்தில் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒன்று வாங்க வேண்டியிருந்தது. காலையில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறோம். மாலையில் பள்ளி வாசலிலிருந்து வேன் நிற்கும் இடம் வரை அவளே நடந்து வர வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது முதுகில் மடிப்பு வைத்த ரெயின்கோட். பையை மாட்டியபின் அந்த மடிப்பு விரிந்து பையையும் உள்ளே வாங்கிக்கொள்ளும்.

பலர் செய்வது சாதாரண ரெயின்கோட்டும் பைக்குத் தனி உறையும். வேனில் வாசலுக்கு வாசல் போகும் பிள்ளைக்கு இது போதும். நடக்கிற பிள்ளைக்குப் போதாது. உறை பையின் வெளிப்பக்கத்தைத்தான் மூடும், முதுகோடு ஒட்டும் பக்கம் திறந்தே இருக்கும். கோட்டின் கழுத்திலிருந்து வழியும் தண்ணீர் நேரே அந்த இடுக்கில் இறங்குகிறது. நோட்டுப் புத்தகங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் அடுக்கியிருக்கும். தோள்பட்டை வார் ஈரத் துணியை அழுத்துவதால் கோட்டின் தையல் வழியாகவும் நீர் கசியும்.

தலை நுழைக்கத் துளை வைத்த, கையில்லாத ஒரே விரிப்பான போன்சோவை எளிதில் ஒதுக்க முடியவில்லை. விலை குறைவு, பிள்ளை வளர்ந்தாலும் இன்னும் சில வருடம் வரும், பக்கவாட்டில் காற்று புகுவதால் உள்ளே வியர்ப்பதும் குறைவு. நம் ஊர்ப் புழுக்கத்தில் இது பெரிய விஷயம். ஆனால் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகிற பிள்ளைக்கு நான் போன்சோ போட மாட்டேன். தொங்கும் ஓரம் காற்றில் பறந்து பின்சக்கரத்தில் சிக்கலாம். துப்பட்டாவுக்கும் புடவைத் தலைப்புக்கும் நாம் பயப்படுகிற அதே காரணம்தான். பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினால் முழங்கை வரை நனையவும் செய்யும்.

சரி, ஸ்கூட்டரே இல்லாத வீடு என்றால்? அங்கேயும் என் ஓட்டு ரெயின்கோட்டுக்குத்தான். பள்ளி விடும் நேரத்தில் பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ இல்லாமல், பை ஏற்கெனவே முதுகில் இருக்க, பிள்ளை தானே போட்டுக்கொள்ள வேண்டும். வகுப்புக்குப் போனதும் தானே கழற்ற வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த இரண்டும் எப்படி நடக்கிறது என்பதை வைத்துத்தான் நான் முடிவு செய்தேன்.

போடும்போது போன்சோ முந்துகிறது. தலையை நுழைத்தால் முன்பக்கம் தானாக விழுந்துவிடும். சிக்கல் பின்பக்கத்தில். துணி பையின் மேல்விளிம்பில் சுருண்டு நின்றுவிடும், பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. வீடு வந்து சேரும்வரை பை நனைந்துகொண்டே வரும். கழற்றும்போது போன்சோ இன்னும் மோசம். தலைக்கு மேலே உருவ வேண்டியிருப்பதால் வெளியே நிற்கும் தண்ணீர் எல்லாம் முகத்திலும் சட்டையிலும் கொட்டும். முன்பக்கம் திறக்கிற ரெயின்கோட்டைப் பட்டனைத் திறந்து தோளிலிருந்து பின்னால் தள்ளினால் போதும், ஈரப்பக்கம் சீருடையில் படாது.

ரெயின்கோட்டைப் பைக்கு மேலே போடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கையை விட்டால் கோட் தோளோடு நின்றுவிடும், பின்னால் இழுக்கப் பிள்ளைக்குக் கை எட்டாது. முதலில் தலைக்குல்லாயை மாட்ட வேண்டும். கோட் தலையில் தொங்கிக்கொண்டு பைக்கு மேலே விழும். அப்புறம் ஒவ்வொரு கையாக நுழைத்து, சற்றே முன்னால் குனிந்து உடம்பை உலுக்கினால் துணி பையின் மேல் வழுக்கி இறங்கிவிடும். வீட்டுக் கூடத்தில் சில தடவை செய்து காட்டினால் பழகிவிடுகிறார்கள்.

வழுக்கி இறங்க வேண்டும் என்பதால் துணியும் முக்கியமாகிறது. பிவிசி கோட்டுக்குப் பெரும்பாலும் தைக்காமல் சூட்டில் ஒட்டிய இணைப்புகள்தான், அதனால் கசிவு குறைவு. ஆனால் உள்பக்கம் பையைப் பிடித்துக்கொண்டு இறங்காது, உள்ளே வியர்வையும் ஊறும். உள்ளே பூச்சு கொடுத்த பாலியஸ்டர் நன்றாக வழுக்கும். அதை வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பாருங்கள். தையல் மேலே நீளமாக ஒரு பட்டை ஒட்டியிருக்க வேண்டும். பட்டை இல்லாவிட்டால் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் வரும். மடிப்பைச் சுற்றியுள்ள தையலில் பட்டை இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

பூட்டுவதற்கு ஜிப் மட்டும் இருந்தால் வேண்டாம். பை உள்ளே இருக்கும்போது துணி இழுபடும், ஜிப்பின் இரண்டு கீழ்முனையையும் சேர்ப்பது சின்ன விரல்களுக்குக் கஷ்டம். பெரிய பிரஸ் பட்டன் போதும். குல்லாயில் கயிறு இல்லாமல் எலாஸ்டிக் வைத்ததாக எடுங்கள். கயிறு எதிலாவது மாட்டினால் கழுத்தை இறுக்கும் என்பதால் ஐரோப்பியத் தரவிதி ஏழு வயதுவரையிலான பிள்ளைகளின் உடையில் தலை, கழுத்துப் பகுதிக் கயிற்றை அனுமதிப்பதே இல்லை. எட்டு வயதானாலும் நான் அதே விதியை வைத்துக்கொண்டேன்.

அளவை வயது பார்த்து எடுக்காதீர்கள். புத்தகம், சாப்பாட்டு டப்பா எல்லாம் நிரப்பிய பையைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டு அளவு நாடாவை எடுங்கள். என் மகளின் மார்புச் சுற்றளவு 64 செ.மீ. நிரம்பிய பையின் தடிமன் 18 செ.மீ. அது இரண்டு பக்கமும் சேர்வதால் 36 கூடி 100 ஆகிறது. கை அசைக்க இன்னும் 20 விட்டால் 120. அதாவது மடிப்பைத் திறந்து கோட்டைத் தரையில் விரித்தால் அகலம் 60 செ.மீ. இருக்க வேண்டும். பின்கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை பை இல்லாமல் 70 செ.மீ., பைக்கு மேலே போட்டால் அந்த 18 கூடி 88. மடிப்பே இல்லாத கோட் இந்த நீளத்தை முன்பக்கத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். கழுத்துப் பட்டன் தொண்டையை அழுத்துகிறது என்று பிள்ளை சொன்னால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

வாங்கி வந்ததும் பைக்குள் பழைய செய்தித்தாளை அடைத்து, பிள்ளைக்கு மாட்டி, கோட்டைப் போட்டு ஷவருக்குக் கீழே ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். தாள் எந்த இடத்தில் நனைந்திருக்கிறதோ அந்த இடத்தின் தையல்தான் கசிகிறது. உடனே தெரிந்தால் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

பராமரிப்பில் போன்சோ கொஞ்சம் சுலபம், ஒரே விரிப்பு என்பதால் சீக்கிரம் காயும். கோட்டின் மடிப்புக்குள் ஈரம் தங்கும். இரவு மடிப்பைத் திறந்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும், நாளாவட்டத்தில் பூச்சு உரிந்து வெள்ளைச் செதிலாக உதிரும். இஸ்திரி கூடவே கூடாது. எங்களுடையது இதுவரை ஒரு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறது, இரண்டாவதிலும் பூச்சு நிற்குமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மழை திடீரென்று பிடித்துக்கொள்கிற நாளுக்காக ஒரு மலிவு போன்சோவை மடித்துப் பையின் பக்கப் பாக்கெட்டில் வைத்திருக்கிறோம். ஸ்கூட்டரில் ஏறும்போது மட்டும் அதைப் போடக்கூடாது என்று மகளுக்குச் சொல்லியிருக்கிறோம்.