சுழற்சி அணியும் கூட்டுக் கோணச் சூத்திரமும்: எதை முதலில் வைப்பது?

ஒரு புள்ளியை ஆதிப்புள்ளியைச் சுற்றி θ கோணம் திருப்ப இரண்டு வழிகள் உண்டு. விடை ஒன்றுதான். ஆனால் எதிலிருந்து எது பிறக்கிறது என்பதில் இரண்டும் நேர் எதிர். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இரண்டாவதைத்தான் முதலில் எடுப்பேன்.

முதல் வழியில் புள்ளியைத் தூரம் r, கோணம் α என்று எழுதுகிறோம்: x = r cos α, y = r sin α. திருப்பினால் r மாறாது, கோணம் α + θ ஆகும். கூட்டுக் கோணச் சூத்திரத்தால் விரித்து, r cos α வரும் இடத்தில் x, r sin α வரும் இடத்தில் y போட்டால் முடிந்தது:

```
x' = x cos θ − y sin θ
y' = x sin θ + y cos θ
```

சுருக்கமான வழிதான். ஆனால் இங்கே சூத்திரத்தை நம்பித்தான் அணியே வருகிறது. அப்புறம் அதே அணிகளைப் பெருக்கிக் காட்டி, சூத்திரம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அது கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவது. சூத்திரத்தை அலகு வட்டத்தில் தூரம் கணக்கிட்டுத் தனியாக நிரூபித்திருந்தால் குறையில்லை. குறுங்கோணப் படம் ஒன்றை மட்டும் வரைந்து நிரூபித்திருந்தால், விரிகோணத்துக்கு அது பொருந்துமா என்று கேட்கும் மாணவிக்குப் பதில் இருக்காது.

இரண்டாவது வழிக்குச் சூத்திரமே வேண்டாம். (1, 0) θ திரும்பினால் (cos θ, sin θ)-க்குப் போகும். கொசைன், சைன் இரண்டுக்கும் வரையறையே அதுதான். எந்தப் புள்ளி (a, b)-யும் கடிகார எதிர்த்திசையில் 90 டிகிரி திரும்பினால் (−b, a) ஆகும். ஆகவே (0, 1) போய்ச் சேரும் இடம் (−sin θ, cos θ). சரி, மற்ற புள்ளிகள்? (x, y) என்பது x அச்சில் x நீளமும் y அச்சில் y நீளமும் பக்கமாக உள்ள செவ்வகத்தின் எதிர்மூலை. செவ்வகத்தை அப்படியே திருப்பினால் நீளமும் செங்கோணமும் மாறாது. அதனால் ஆதிப்புள்ளியிலிருந்து (cos θ, sin θ)-க்கும் (−sin θ, cos θ)-க்கும் போகும் இரண்டு அம்புகளையும் x மடங்கு, y மடங்கு எடுத்துக் கூட்டினால் போதும். அந்த இரண்டு அம்புகளும்தான் அணியின் இரண்டு நிரல்கள்.

இப்போது α திருப்பி, மேலும் β திருப்புங்கள். மொத்தத்தில் α + β திருப்பியதுதானே? அணிகளைப் பெருக்கி முதல் நிரலைப் பாருங்கள்:

```
cos(α+β) = cos α cos β − sin α sin β
sin(α+β) = sin α cos β + cos α sin β
```

கொசைனில் ஏன் கழித்தல் என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. (0, 1) இடப்பக்கம் சாய்ந்ததால் வந்த குறி அது. எந்தக் கோணத்துக்கும் இது செல்லும்.

புதுச்சேரியிலேயே ஒரு கணக்கு. கடற்கரைச் சாலை நேர் வடக்காக ஓடுவதில்லை. வடக்கே போகப் போகக் கொஞ்சம் கிழக்கே சாய்கிறது. சாய்வு 15 டிகிரி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு மூலையிலிருந்து சாலையோடு வடக்கே 200 மீட்டர் நடந்து, செங்குத்தாக ஊருக்குள் 100 மீட்டர் திரும்புகிறோம். தெருவின் கணக்கில் அது (−100, 200). வரைபடத்தில் எங்கே? சாய்வு கடிகாரத் திசையில் இருப்பதால் θ = −15. cos 15 தெரியாவிட்டாலும் 45-இலிருந்து 30-ஐக் கழித்து 0.9659, சைன் 0.2588 என்று பெறலாம்.

```
x' = −100(0.9659) + 200(0.2588) = −44.8
y' =  100(0.2588) + 200(0.9659) = 219.1
```

மேற்கே சுமார் 45 மீட்டர், வடக்கே 219 மீட்டர். முதல் வழியில் இதே கணக்கைப் போட்டால், tan⁻¹(200/−100) என்று தட்டியதும் கால்குலேட்டர் −63.4 காட்டும், புள்ளி இரண்டாம் கால்பகுதியில் இருப்பதால் 180 கூட்டி 116.6 என்று திருத்த வேண்டும். அணிக்கு அந்தத் தொல்லை இல்லை.

அணியில் வழுக்கும் இடம் குறி. +15 போட்டால் (−148.4, 167.3) வரும். தூரத்தைச் சரிபார்த்தால் இதற்கும் 223.6 மீட்டர்தான், ஆகவே தூரச் சோதனை இந்தப் பிழையைப் பிடிக்காது. சாலையிலேயே நிற்கும் (0, 200)-ஐத் திருப்பிப் பாருங்கள்: சரியான குறியில் அது கிழக்கே 51.8 மீட்டர் நகரும், தவறான குறியில் மேற்கே போகும்.

ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்பச் சுழற்றும்போது மட்டும் முதல் வழிக்கே என் ஓட்டு. 0.966, 0.259 என்று மூன்று இலக்கத்தோடு நிறுத்திவிட்டால், இவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1.0002-க்குச் சற்று மேலே போகிறது. அப்படி 24 முறை திருப்பி முழுச் சுற்று வந்தால் தூரம் 223.6-லிருந்து 224.2 ஆகியிருக்கும். கோணத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் r அசையாது.