தலை குனியும் முக்காலியும் நொடிக்குப் பன்னிரண்டு படங்களும்

நான் வைத்திருக்கும் கைபேசி முக்காலியின் விலை குறைந்திருக்கிறதாம். மகள் களிமண் பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் புகைப்படமாக எடுத்துக் கோக்கும் ஸ்டாப் மோஷன் படம் எடுக்க ஆசைப்படுகிறாள், வாங்கித் தரலாமா, நொடிக்கு எத்தனை படம் எடுக்க வேண்டும் என்று நண்பர் கேட்டார். இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம்: பன்னிரண்டு. முதல் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டியிருக்கிறது, அது எனக்கு இப்போது குறைவாக இருக்கிறது.

பொருள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்று கால்கள், உயர்த்தி இறக்கும் நடுத்தண்டு, உச்சியில் பிளாஸ்டிக் பந்து மூட்டு, கைபேசியைக் கவ்வும் பிடி, உடன் ஒரு புளூடூத் பொத்தான். கால்களைக் குறை சொல்ல மாட்டேன், உறுதியாக நிற்கின்றன. பிடியும் இன்றுவரை தளரவில்லை. பொத்தான் இருப்பதால் படம் எடுக்கத் திரையைத் தொட வேண்டியதில்லை, அது பெரிய உதவி. குறை எல்லாம் அந்தப் பந்து மூட்டில்தான். எவ்வளவு இறுக்கினாலும் கைபேசியின் எடையில் அது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் தலை குனிகிறது.

ஒற்றைப் புகைப்படம் எடுப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் இங்கே ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து அறுபது படங்கள் எடுத்தால், ஓட்டிப் பார்க்கும்போது அவை ஐந்து நொடிகள். மாலை முழுவதும் நடந்த சரிவு அந்த ஐந்து நொடிக்குள் அடங்கிவிடும். பொம்மை அசையாமல் நின்றாலும் அதுவும் பின்னால் இருக்கும் சுவரும் மெல்ல மேலே ஏறுகின்றன! முந்தைய படத்தை மங்கலாக மேலே காட்டும் வசதி ஸ்டாப் மோஷன் செயலிகளில் உண்டு, அதுவும் இங்கே கைகொடுக்காது. அது போன படத்தோடு மட்டும்தானே ஒப்பிடுகிறது? ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே வித்தியாசம் ஒன்றுமே இருக்காது. முதல் படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அதற்காக நான் பின்னணி அட்டையில், சட்டத்தின் மேல் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டி வைக்கிறேன். காகிதம் பாதி வெட்டுப்பட்டால் தலை குனிந்துவிட்டது என்று பொருள். காகிதத்தைப் பிறகு படத்தொகுப்பில் வெட்டி எடுத்துவிடலாம்.

சரிவைக் குறைக்க வழி இருக்கிறது. கைபேசியைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தால் அதன் எடை மூட்டுக்கு முன்னால் தொங்கும், அப்போதுதான் சரிவு அதிகம். எனவே முக்காலியைச் சாய்க்காமல் பொம்மை மேடையைப் புத்தகங்களின் மேல் ஏற்றி, கைபேசி நேராகப் பார்க்கும்படி செய்துவிட வேண்டும். நடுத்தண்டை முழுவதும் இறக்கிவிட வேண்டும். இறுக்கியவுடன் படம் எடுக்கத் தொடங்காமல் மூட்டு அமரக் கொஞ்ச நேரம் விட வேண்டும். மின்விசிறியை அணைக்க வேண்டும். அணைத்தால் சென்னை வெயிலில் எண்ணெய்க் களிமண் இளகிப் பொம்மையின் கையும் குனியத் தொடங்கும். யாரைத் திட்டுவது என்றே தெரியாது.

இனி நொடிக்குப் பன்னிரண்டு. திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம் என்பதால் நாமும் 24 எடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பன்னிரண்டு எடுத்து ஒவ்வொன்றையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் அதே 24தான். உழைப்பு பாதியாகிறது என்பது உண்மை, ஒரு நிமிடப் படத்துக்கு 1440 படங்களுக்குப் பதிலாக 720 போதும். ஆனால் நான் பன்னிரண்டைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அதுவல்ல.

என் படத்தில் ஒரு டீ மாஸ்டர் வருகிறார், உயரம் பதினைந்து சென்டிமீட்டர். உள்ளே முறுக்கிய அலுமினியக் கம்பி, மேலே களிமண். அவர் டீ ஆற்ற வேண்டும். கை இடுப்பிலிருந்து தலைக்கு மேல் ஒன்பது சென்டிமீட்டர் உயர அரை நொடி, அதாவது ஆறு படங்கள். கை மெல்லக் கிளம்பி, நடுவில் வேகமெடுத்து, மேலே போய் நிதானமாக நிற்க வேண்டும். எனவே நகர்வுகள் அரை, ஒன்றரை, இரண்டரை, மீண்டும் இரண்டரை, ஒன்றரை, அரை சென்டிமீட்டர். விரலால் களிமண்ணை நகர்த்தும்போது ஒரு மில்லிமீட்டர் முன்பின் ஆகத்தான் செய்யும், இந்த இடைவெளிகளில் அது பெரிதாகத் தெரியாது. இதையே 24 எடுத்தால் பன்னிரண்டு படங்கள் வேண்டும், தொடக்க நகர்வு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். விரலின் பிசகும் நகர்வும் ஏறக்குறைய ஒரே அளவு. விளைவு, டீ மாஸ்டருக்குக் கை நடுக்கம். படம் கூடினால் அசைவு வழவழப்பாகும் என்பது கை தேர்ந்தவர்களுக்குத்தான் பொருந்தும். எட்டுக்கு இறங்கினாலோ டீ ஆற்றுவது போன்ற வேகமான அசைவு துண்டு துண்டாகத் தெரிகிறது.

விழும் டீயும் களிமண்தான். மெல்லிய கம்பியின் மேல் பழுப்பும் வெளிர்பழுப்புமாக இரு நிறக் களிமண்ணை முறுக்கித் திரித்த இழைகள். கை உயரும் கணக்குப்படி அவற்றின் நீளம் அரை, இரண்டு, நாலரை, ஏழு, எட்டரை, ஒன்பது. முன்பே செய்து வரிசையாக வைத்துவிட்டால் படத்துக்கு ஒன்றாக மாற்றிவிடலாம். கை மேலே நிற்கும் நேரத்தில் கடைசி இழையை ஒவ்வொரு படத்துக்கும் சிறிது திருப்பினால் போதும், வரிகள் கீழே இறங்கி டீ ஓடுவது போலவே இருக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. இன்றும் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பன்னிரண்டில் எடுத்ததை நொடிக்கு 30 ஃபிரேம் காணொளியாக ஏற்றுமதி செய்யக் கூடாது. முப்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டரை. சில படங்கள் இரண்டு ஃபிரேமும் சில மூன்று ஃபிரேமும் நிற்கும், நடை நொண்டும். 24 என்றே வைக்கவும். 30தான் வேண்டுமென்றால் முதலிலேயே 15 எடுக்கவும். ஒளி அளவையும் குவியத்தையும் வெண்சமநிலையையும் பூட்டிவிடுங்கள், சன்னலை மூடி விளக்கொளியில் எடுங்கள், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பொம்மைக்கு அருகில் குனியாதீர்கள். இல்லாவிட்டால் படம் மினுக்கும்.

சரி, முக்காலியை வாங்கலாமா? கால் நல்லது, பிடி நல்லது, பொத்தான் நல்லது, சரிவுக்கும் வழி சொல்லிவிட்டேன். நியாயமாகப் பார்த்தால் இந்த விலைக்கு வாங்கலாம். ஆனால் நேற்று இரவும் சுவர் ஏறியது, எனவே வேண்டாம் என்றே சொல்கிறேன். மேசைமேல் எடுக்கும் படத்துக்கு மூன்று கால் எதற்கு? உலோகப் பந்து மூட்டைத் தனியாக வாங்கி, கனமான பலகையில் துளையிட்டு, கால் அங்குலத் திருகால் பொருத்திவிடுங்கள். கேமரா சாமான்களில் பரவலாக இருப்பது அந்த அளவுதான், மூட்டின் அடியில் அது இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.