வணக்கம் சொல்வது சுலபம், பதில்தான் பாடு: ஆப்பா, புத்தகமா, ஆளா?

மூன்று மாதப் பயணமாகத் துருக்கி போகுமுன், அங்கே அன்றாடம் பேசத் தேவையான துருக்கி மொழிச் சொற்களைக் கற்க ஆப், புத்தகம், ஆள் என மூன்று வழிகளையும் முயன்று பார்த்தேன். கடைசியில் நிலைத்தது, வாரத்துக்கு அரை மணி நேரம் வீடியோ காலில் ஒரு துருக்கிக்காரரோடு பேசிப் பழகியதுதான்.

புத்தகம் மலிவு, சார்ஜ் போடவும் வேண்டாம். ஆப்பில் உச்சரிப்பைக் கேட்கலாம், தினமும் நினைவூட்டும். இதெல்லாம் தெரிந்ததே.

ஆனால் இரண்டிலும் பேச்சைத் தொடங்குவது எப்போதும் நாம்தான். ஊரில் இறங்கினால் முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் எதிராளி. உள்ளே நுழைந்ததும் "ஹோஷ் கெல்தினிஸ்" என்பார்கள், அதாவது நல்வரவு. நன்றி சொல்லிச் சமாளிக்கலாம், தப்பில்லை. ஆனால் அதற்கென்றே உள்ள பதில் "ஹோஷ் புல்துக்". என் ஆப்பில் முதலாவது வந்தது, இரண்டாவது நான் படித்த பாடங்கள் வரை வரவே இல்லை. புத்தகத்தில் இரண்டும் வெவ்வேறு பக்கத்தில் இருந்தன.

விடைபெறுவது இன்னும் சிக்கல். "கூலே கூலே" என்பது இருப்பவர் கிளம்புகிறவருக்குச் சொல்வது. கிளம்புகிறவர் சொல்ல வேண்டியது "ஹோஷ்சா காலன்". நாம் "போயிட்டு வரேன்" என்றால் வீட்டிலிருப்பவர் "போயிட்டு வாங்க" என்பார் இல்லையா, அப்படித்தான். புத்தகம் இரண்டுக்கும் ஒரே பொருள்தான் போட்டிருந்தது. முதல் வகுப்பு முடிந்து அழைப்பைத் துண்டிக்கும் முன் நான் "கூலே கூலே" என்றேன். ஆசிரியர் சிரித்துவிட்டு, "கிளம்புவது நீங்களா, நானா?" என்று கேட்டார். அதன்பிறகு அது மறக்கவே இல்லை.

சொற்களை மனப்பாடம் செய்ய வைத்திருந்த அட்டைகளை அவர் சொல்லித்தான் மாற்றி எழுதினேன். முன்பக்கம் எதிராளி சொல்வது, பின்பக்கம் என் பதில். தமிழ் அர்த்தம் கிடையாது. "யார், எங்கே" என்று மட்டும் ஓரத்தில் ஒரு குறிப்பு. 12 ஜோடிகள் போதுமானதாக இருந்தன. முன்பக்கத்தை அவரையே வழக்கமான வேகத்தில் பேசவைத்து ஃபோனில் பதிவு செய்துகொண்டேன். ஒலி முடிந்ததும் மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் பதில் வரவில்லை என்றால் அந்த அட்டை மறுநாளும் வரும். ஆப்பில் நாலு விடைகளில் ஒன்றைத் தொடும்போது தெரிந்த மாதிரியே இருந்தவை, இந்தச் சோதனையில் பாதிக்கு மேல் தேறவில்லை.

இதில் குறையும் உண்டு. காசு செலவாகும், நேரம் ஒத்துவர வேண்டும். ஒருவர் குரலுக்கே காது பழகிவிடுவதால், புதியவர் பேசியபோது முதல் சில நாள் தடுமாறினேன். ஆறு வாரம் முன்பே தொடங்கியதால் எனக்குச் சரிப்பட்டது. பத்து நாள்தான் இருக்கிறது என்றாலோ, ஒரே பயணத்தில் நாலைந்து மொழிகள் என்றாலோ புத்தகமே நடைமுறைக்கு ஒத்துவரலாம். அதை நான் செய்து பார்த்ததில்லை.

ஆப்பை அழித்துவிடவில்லை. எண்களுக்கு அதுதான் இன்னும் கைகொடுக்கிறது.