முதல் க்ளிக்கிலேயே வெடிக்கலாமா? மைன்ஸ்வீப்பரில் கண்ணி வைக்கும் நான்கு வழிகள்

மைன்ஸ்வீப்பர் ஆட்டத்தை நிரலாக எழுதிப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள். ஆட்டம் திறந்ததும் கண்ணிகளைத் தூவு, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதைச் சுற்றி எத்தனை கண்ணி என்ற எண்ணைக் கணக்கிடு, அப்புறம் ஆடுபவரை விடு. நானும் அப்படித்தான் எழுதி அக்கா மகனிடம் கொடுத்தேன். தொட்டான், வெடித்தது. “மாமா, நான் என்ன தப்பு பண்ணேன்?” என்றான். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதுதான் சிக்கல்.

கணக்கும் அவன் பக்கம்தான். 9×9 பலகையில் 10 கண்ணி என்றால், முதல் க்ளிக்கில் வெடிக்க எட்டில் ஒரு வாய்ப்பு. 30×16 பலகையில் 99 கண்ணி இருக்கும் எக்ஸ்பர்ட் நிலையில் அது 20.6 சதவீதம், அதாவது ஐந்து ஆட்டத்தில் ஒன்று எந்தத் தகவலும் கைக்கு வருமுன்பே முடிந்துவிடும். எல்லோருக்கும் ஒரே பலகையைக் கொடுக்கும் போட்டிகளில் முன்கூட்டியே வைப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. அங்கேகூட ஒரு கட்டத்தைத் திறந்தே கொடுத்துவிடலாம். மற்றபடி இந்த முதல் வழிக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, ‘மாட்டினால் நகர்த்து’ வழி. பழைய விண்டோஸ் மைன்ஸ்வீப்பர் செய்தது இதுதான். கண்ணிகள் முன்பே வைக்கப்பட்டிருக்கும். முதல் க்ளிக் ஒரு கண்ணியில் விழுந்தால், அதை எடுத்து மேல் இடது மூலையில் வைத்துவிடும். மூலையில் ஏற்கெனவே கண்ணி இருந்தால் அதற்கு வலப்பக்கத்தில் வரும் முதல் காலிக் கட்டத்துக்குப் போகும். நான்கைந்து வரி நிரலில் வேலை முடிகிறது, ஆடுபவருக்கும் எதுவும் தெரியாது.

தெரியாது என்பது கொஞ்சம் ஆடுகிறவருக்குத்தான். எக்ஸ்பர்ட் பலகையில் வேறெங்கோ முதல் க்ளிக் செய்கிறீர்கள். 20.6 சதவீதம் நேரம் அது கண்ணியில் விழும், அப்போது மூலையில் நிச்சயம் ஒரு கண்ணி இருக்கும். மீதி 79.4 சதவீதம் நேரம், மூலையில் கண்ணி இருக்கும் வாய்ப்பு வழக்கமான 20.7. இரண்டையும் சேர்த்தால் 37 சதவீதம் வருகிறது. மற்ற கட்டங்கள் பெரும்பாலும் ஐந்தில் ஒன்று என்று இருக்க, இந்த ஒரு மூலை மட்டும் மூன்றில் ஒன்றுக்கும் மேல். கடைசியில் ஊகித்தே ஆகவேண்டிய நிலை அந்த மூலையில் வந்தால், விஷயம் தெரிந்தவருக்கு அது இலவசத் துப்பு.

சரி, மூலைக்குப் பதிலாகக் காலியாக இருக்கும் கட்டங்களில் ஏதோ ஒன்றைக் குலுக்கலில் தேர்ந்து அங்கே நகர்த்தினால்? சாய்வு முழுவதும் போய்விடும். க்ளிக் செய்த கட்டத்தை விட்டுவிட்டு மீதி 479-இல் 99 கண்ணிகளைத் தூவினால் என்ன பரவல் வருமோ, அதேதான் இதிலும் வரும். ஆகவே இது தனி வழியே அல்ல, மூன்றாவது வழியின் இன்னொரு வேடம்.

மூன்றாவது வழியில் முதல் க்ளிக் வரும்வரை பலகையில் கண்ணியே கிடையாது. க்ளிக் வந்தபின், அந்த ஒரு கட்டத்தை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றில் வைக்கிறோம். பலர் இதோடு நிம்மதியாக நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இது அரைக் கிணறு தாண்டியதாகத்தான் படுகிறது.

ஏனென்றால் முதல் க்ளிக்கில் உயிர் பிழைப்பது மட்டும் போதாது. பூஜ்யம் வந்து ஒரு பகுதி திறந்தால்தான் யோசிக்க ஏதாவது கிடைக்கும். எக்ஸ்பர்ட் பலகையின் நடுவில் க்ளிக் செய்தால், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களிலும் கண்ணி இல்லாமல் இருக்க வாய்ப்பு 15 சதவீதம்தான். மீதி நேரமெல்லாம் பெரும்பாலும் தனியாக ஒரு 1, 2 அல்லது 3 வந்து நிற்கும். 2 வந்தால் அதன் பக்கத்துக் கட்டம் எதைத் தொட்டாலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. வேறெங்காவது தள்ளிப்போய்த் தொட்டாலும் ஐந்தில் ஒன்று. 1 வந்தால் மட்டும் பக்கத்துக் கட்டம் எட்டில் ஒன்று என்று கொஞ்சம் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் குறைந்த ஆபத்தையே தேர்ந்தாலும், இரண்டாவது க்ளிக்கிலேயே சாகும் வாய்ப்பு சுமார் 15 சதவீதம் வருகிறது. 20.6 ஆக இருந்த சாவு ஒரு க்ளிக் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அக்கா மகன் அதே கேள்வியை ஒரு விநாடி கழித்துக் கேட்பான்.

மூலையில் தொடங்கினால் நிலைமை நல்லது. அங்கே பக்கத்துக் கட்டங்கள் மூன்றுதான், பூஜ்யம் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 50 சதவீதம். எங்கே தொடங்குவது என்பதே இந்த வழியில் ஒரு உத்தியாகிவிடுகிறது. அதை ரசிக்கிறவர்களுக்கு மூன்றாவது வழியே பிடிக்கும், அதில் தவறில்லை.

நான் தேர்வது நான்காவதை. க்ளிக் செய்த கட்டத்தோடு அதன் அண்டைக் கட்டங்களையும் சேர்த்து விலக்குவது. முதல் க்ளிக் எப்போதும் பூஜ்யம், எப்போதும் ஒரு திறப்பு. எக்ஸ்பர்ட் பலகையில் 99 கண்ணிகளும் 471 கட்டங்களுக்குள் போகின்றன, அடர்த்தி 20.6-லிருந்து 21.0-க்கு ஏறுகிறது. யாருக்கும் உறைக்காத விலை. ஆனால் பின்னால் ஊகமே வராது என்று இதற்கு அர்த்தமில்லை. சைமன் டாத்தமின் புதிர்த் தொகுப்பில் உள்ள ‘மைன்ஸ்’ அந்த உத்தரவாதத்தையும் தருகிறது, அது வேறு அளவிலான வேலை.

இந்த வழியில் இரண்டு இடங்களில் கால் வழுக்கும். ஒன்று, ‘முதல் கட்டம் பூஜ்யமாகும்வரை பலகையைத் திரும்பத் திரும்ப உருவாக்கு’ என்று எழுதுவது. எக்ஸ்பர்ட்டில் சராசரியாக எட்டு முயற்சியில் முடிந்துவிடும், அதனால் பிழை கண்ணில் படாது. யாராவது 5×5 பலகையில் 20 கண்ணி கேட்டு நடுவில் தொட்டால், ஒன்பது போக மீதம் 16 கட்டம்தான். ஆட்டம் அப்படியே உறைந்து நிற்கும். இன்னொன்று, குலுக்கலைத் தீர்மானிக்கும் விதை எண்ணைக் கொடுத்து ஒரே பலகையை நண்பருக்கு அனுப்புவது. கண்ணிகள் க்ளிக்குக்குப் பிறகு வருவதால், அவர் வேறிடத்தில் தொட்டால் முற்றிலும் வேறு பலகை வரக்கூடும்.

இரண்டையும் ஒன்றாகத் தீர்க்க, எல்லாக் கட்டங்களையும் விதை எண்ணால் ஒருமுறை கலைத்து வரிசையாக்கி, விலக்கவேண்டியதைத் தாண்டிக்கொண்டே முதல் `m` கட்டங்களை எடுக்கலாம்:

```python
import random

def place(seed, w, h, m, cx, cy):
    cells = [(x, y) for y in range(h) for x in range(w)]
    random.Random(seed).shuffle(cells)
    free = [c for c in cells
            if max(abs(c[0]-cx), abs(c[1]-cy)) > 1]
    if len(free) < m:
        free = [c for c in cells if c != (cx, cy)]
    return set(free[:m])
```

கலைத்த வரிசை மாறாததால், இரண்டு நண்பர்கள் வெவ்வேறு இடத்தில் தொடங்கினாலும் பலகைகள் சில கண்ணிகளில்தான் வேறுபடும். இடம் போதாவிட்டால் தானாகவே மூன்றாவது வழிக்கு இறங்கிவிடும்.

சோதிக்க, ஒரே கட்டத்தில் தொடங்கி ஒரு லட்சம் பலகைகளை வெவ்வேறு விதை எண்களோடு உருவாக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை முறை கண்ணி வந்தது என்று எண்ணுங்கள். விலக்கிய கட்டங்களில் பூஜ்யம், மற்றவை எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே எண் வரவேண்டும். அப்புறம் இரண்டாவது ஆட்டத்தையும் ஆடிப் பாருங்கள். ‘கண்ணி வைத்தாயிற்று’ என்ற குறியை மறு ஆட்டத்தின்போது அழிக்க நான் மறந்திருந்தேன். முதல் ஆட்டம் ஒழுங்காகத் திறந்தது. இரண்டாவதில் பழைய கண்ணிகள் அப்படியே இருந்தன, முதல் தொடுதலில் மறுபடியும் வெடித்தது.