சீட்டு ஒன்று, மரம் ஒன்று: பரணிலிருந்து இறங்கிய வயலினும் வீணையும்

நண்பர் வீட்டுப் பரணிலிருந்து இரண்டு வாத்தியங்கள் இறங்கின. வயலினுக்குள் ஒரு பழுத்த சீட்டு: 'அன்டோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ் கிரெமோனென்சிஸ் ஃபாசியேபாட் அன்னோ 1721'. வீணையில் ஒரு பித்தளைத் தகடு: கடையின் பெயர், ஊர் தஞ்சாவூர், கூடவே 'ஏகாந்த வீணை'. வீட்டார் கண்ணுக்கு வயலின் கோடிக்கணக்கில் தெரிந்தது. வீணையை யாரும் கண்டுகொள்ளவில்லை.

'கிரெமோனாவின் ஸ்ட்ராடிவாரி 1721-ல் செய்தது' என்று அந்த லத்தீன் வரிக்குப் பொருள். இத்தாலியின் புகழ்பெற்ற வயலின் கைவினைஞரான ஸ்ட்ராடிவாரி 1737-ல் இறந்துவிட்டார். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஹென், பிரான்சின் மிர்கூர் போன்ற ஊர்களில் வயலின்கள் மொத்தமாகத் தயாராகின. அவற்றில் அவர் பெயர் அச்சடித்த சீட்டை ஒட்டுவது சாதாரண வழக்கம். எல்லாமே மோசடி இல்லை, 'இது அந்த மாடல்' என்ற அளவில்தான் பலர் ஒட்டினார்கள். இந்தச் சீட்டின் அடியிலோ பொடி எழுத்தில் 'மேட் இன் ஜெர்மனி' என்றும் இருந்தது. எந்த நாட்டுச் சரக்கு என்று குறிக்கச் சொல்லி அமெரிக்கா சுங்கச் சட்டம் போட்டது 1890-ல்!

அந்த வரி இல்லாவிட்டாலும் மரம் காட்டிக்கொடுத்திருக்கும். பல் டாக்டர்கள் வைத்திருப்பது மாதிரி சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்து உள்ளே பார்த்தோம். மேல்பலகையின் அடியில் தனியாக ஒட்ட வேண்டிய நீளக்கட்டை இல்லை. பலகையைக் குடையும்போதே அந்த இடத்தில் ஒரு மேட்டை விட்டுவைத்திருந்தார்கள். மூலைகளுக்குள் தாங்கு கட்டையும் கிடையாது. விளிம்பைச் சுற்றி ஓடும் கறுப்புக் கோடு, சில்லு பெயர்ந்த இடத்தில் வார்னிஷோடு போய்விட்டது. மரத்தில் பதித்த கோடு அப்படிப் போகாது, இது வெறும் மை. மலிவுப் பட்டறை வேலை, சந்தேகமே இல்லை.

வேலை நேர்த்தியாக இருந்திருந்தாலும் அந்தப் பெயர் உறுதியாகிவிடாது. மேல்பலகையின் மர வளையங்களை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் இன்ன வருஷத்துக்கு முன் செய்திருக்க முடியாது என்பதைத்தான் அவை சொல்லும், செய்தவர் யாரென்று சொல்லாது.

வீணைத் தகட்டை நான் கொஞ்சம் மதித்தேன், காரணம் 'ஏகாந்தம்' என்பது சரிபார்க்கக்கூடிய சொல். உருண்டையான குடமும் அதிலிருந்து நீளும் தண்டியும் ஒரே பலாமரத்தில் குடைந்தவை என்று பொருள். குடத்தை மூடும் பலகை எப்படியும் தனிதான், அதைப் பார்த்துப் பயனில்லை. வீணையைத் துணிமேல் கவிழ்த்து, குடத்திலிருந்து தண்டிக்கு மர ரேகை தொடர்ந்து ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே சரியாக அந்த இடத்தில் ஓர் அலங்காரப் பட்டை. அதன் ஒரு முனை பெயர்ந்திருந்தது. அடியில் ஒட்டு, ரேகை அங்கே திசை மாறியது. ஆக, ஒட்டு வீணை.

வயதைச் சொல்ல தண்டிமேல் இருக்கும் மெழுகையும் அதில் பதித்த மெட்டுக் கம்பிகளையும் காட்டினார்கள். அவை உதவாது. மெட்டுகளை மெழுகில் மறுபடி பதிப்பதை மேளம் கட்டுவது என்பார்கள், அப்போதெல்லாம் மெழுகு புதிதாகும். தண்டிக்கு அடியில் பொருத்தும் சுரைக்காயும் மாறியிருக்கலாம்.

இத்தனைக்கும் அந்த வீணை நன்றாகவே பேசியது. பட்டையைப் பெயர்க்காமல், பெயர்ந்த முனையை மட்டும் ஒட்டச் சொன்னேன். வயலின் சீட்டையும் கிழிக்க வேண்டாம் என்றேன், அதுவும் அந்தப் பட்டறையின் வேலைதானே.